வரைபடத்திடம் சொல்லாத புள்ளிகள்

ட்ரோன் சர்வே செய்து கொடுப்பவர்கள் படத்தோடு ஓர் அறிக்கையும் தருவார்கள். அதில் நாலைந்து பக்கம் தள்ளி ஓர் அட்டவணை இருக்கும். அதன் கடைசி வரியில் ‘மொத்தப் பிழை 1.1 செ.மீ.’ என்பதுபோல ஓர் எண். ஊராட்சித் தலைவரோ, பொறியாளரோ, மனை பிரிக்கிறவரோ அந்த எண்ணைப் பார்த்ததும் நிம்மதியாகி பில்லில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்த எண் பொய்யில்லை. ஆனால் பல அறிக்கைகளில் அது வரைபடத்தின் துல்லியத்தைச் சொல்லும் எண்ணும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதை ஓர் ஏரியை வைத்துப் பார்க்கலாம்.

ஐம்பது ஏக்கர் ஏரி. கோடையில் வற்றிக் கிடக்கிறது. வண்டல் எடுப்பதற்கு முன் ஒரு தடவை, எடுத்த பின் ஒரு தடவை ட்ரோனில் அளக்க வேண்டும். கூடவே நீர்ப்பிடிப்பு எல்லை எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். சர்வேக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும், ஓரங்குல சென்சார் கேமரா கொண்ட ட்ரோன் ஒன்று 80 மீட்டர் உயரத்தில் பறக்கிறது. அந்த உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு பிக்சல், தரையில் சுமார் 2.2 சென்டிமீட்டர். ஒரு படத்துக்குள் அகலவாக்கில் 120 மீட்டர், நீளவாக்கில் 80 மீட்டர் அடங்கும். முன்படத்தின் மேல் பின்படம் 80 சதவீதம், பக்கத்து வரிசையின் மேல் 70 சதவீதம் ஏறி விழும்படி எடுத்தால் ஏரி முழுக்க நானூறு படங்களுக்குக் குறையாது.

இந்த நானூறு படங்களையும் கணினியில் உள்ள மென்பொருள் வெறுமனே ஓரத்தை ஓரத்தோடு வைத்து ஒட்டுவதில்லை. ஒரே கல், ஒரே மண்வெடிப்பு எந்தெந்தப் படத்தில் எங்கே தெரிகிறது என்று ஆயிரக்கணக்கான இடங்களைத் தேடிப் பிடிக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு படமும் எங்கிருந்து, எந்தச் சாய்வில் எடுக்கப்பட்டது என்று கணக்கிடுகிறது. கேமரா லென்ஸ் படத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதையும் அதே கணக்கிலேயே கண்டுபிடித்துக்கொள்கிறது. பிறகு தரையின் மேடு பள்ளத்தை உருவாக்கி, அதன்மேல் படங்களை விரித்து, எல்லா இடத்தையும் நேர் மேலிருந்து பார்ப்பதுபோல் திருத்தித் தருகிறது. இதுதான் ஆர்த்தோமொசைக். இதில் எங்கே அளவுகோல் வைத்தாலும் தூரம் சரியாக வர வேண்டும்.

அது சரியாக வர, இந்தப் படக்கூட்டம் பூமியில் எங்கே, எந்த அளவில், எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். சாதாரண ட்ரோனில் உள்ள ஜிபிஎஸ், நம் கைப்பேசியில் உள்ளதைப் போலத்தான்: சில மீட்டர் தவறும். ஆகவே தரையில் சில இடங்களில் அடையாளம் வைத்து, அவற்றின் ஆயத்தொலைவுகளை டிஜிபிஎஸ் கருவியால் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் அளந்து, ‘இந்தப் படத்தில் தெரியும் இந்தக் குறி, பூமியில் இந்த இடம்’ என்று மென்பொருளிடம் கொடுக்கிறார்கள். இவைதான் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். களத்தில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, ஜிசிபி என்பார்கள்.

குறி வைப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. ஃப்ளெக்ஸ் கடையில் அறுபது சென்டிமீட்டர் சதுரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்து, நடுவில் நான்கு கட்டங்கள் சந்திக்கும் இடத்தை மையமாகக் கொள்வது எளிது. 80 மீட்டர் உயரத்தில் அது 27 பிக்சல் அகலத்துக்குத் தெரியும். மையத்தைக் கணினித் திரையில் ஒரு பிக்சலுக்குள் குத்தலாம். பளபளப்பான ஃப்ளெக்ஸ் வேண்டாம். உச்சி வெயிலில் வெள்ளைக் கட்டம் கறுப்பின்மேல் வழிந்து மையம் நகர்ந்த மாதிரி தெரியும். தரையோடு தட்டையாக ஆணி அடித்து, நான்கு மூலையிலும் கல் வைக்க வேண்டும். அளந்தபின் காற்று புரட்டினாலோ, ஆடு கடித்து இழுத்தாலோ அந்தப் புள்ளி போனது போனதுதான். சுண்ணாம்பால் கூட்டல் குறி போடுவதும் உண்டு. கோடு ஒரு சாண் தடிமனாக இருந்தால் அதன் மையம் எது என்று தரையில் நின்றவர் ஒன்று நினைப்பார், திரையில் பார்ப்பவர் ஒன்று நினைப்பார். (2020-ல் தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தில் ட்ரோன் பறக்குமுன் கிராமங்களில் போடும் சுண்ணாம்புக் கோடு வேறு. அது வீட்டு எல்லையைக் காட்டுவதற்கு. கட்டுப்பாட்டுப் புள்ளி அல்ல.)

இனி ஏரிக்கு வருவோம். எளிதாக நடக்க முடிந்த இடம் ஏரிக்கரை. பைக்கிலேயே போகலாம். எதிர்ப்புறமோ சீமைக்கருவேலம், முள்ளுக்குள் ரோவர் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. எனவே நம் குழு கரைமேல் வரிசையாக ஐந்து குறிகள் வைத்து, அளந்து, ட்ரோனைப் பறக்கவிட்டுத் திரும்பிவிடுகிறது. மென்பொருள் ஓடி முடிந்ததும் அட்டவணை சொல்கிறது: பிழை 1.1 செ.மீ.

எப்படி அவ்வளவு நன்றாக வந்தது? அந்த ஐந்து புள்ளிகளிலும் பிழை குறையும்படி படக்கூட்டத்தை நகர்த்தித் திருகிப் பொருத்துவதுதான் மென்பொருளுக்கு இட்ட வேலை. பொருத்திய பிறகு அதே ஐந்து புள்ளிகளில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், கொஞ்சம்தான் என்று சொல்லும். விடைகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு அதே கேள்விகளுக்குப் பரீட்சை வைத்த கதை. அந்த 1.1 செ.மீ. என்பது குறிகளை ஒழுங்காக அளந்திருக்கிறார்கள், திரையில் ஒழுங்காகக் குத்தியிருக்கிறார்கள், பெயர் மாற்றிக் கொடுக்கவில்லை என்பதற்குச் சான்று. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

உண்மையான பரீட்சைக்கு வேறு புள்ளிகள் வேண்டும். அவற்றையும் அதேபோல் குறி வைத்து, அதேபோல் அளக்க வேண்டும்; ஆனால் பொருத்தும் கணக்கில் சேர்க்கக் கூடாது. கணக்கு முடிந்த பிறகு, ‘இந்தக் குறி எங்கே இருப்பதாக நீ நினைக்கிறாய்?’ என்று மென்பொருளைக் கேட்டு, அது சொல்வதற்கும் நாம் தரையில் அளந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இவை சோதனைப் புள்ளிகள், செக் பாயின்ட். மெட்டாஷேப் மென்பொருளில் இதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் குறியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுவதுதான். அறிக்கையில் ‘Control points’ என்று ஓர் அட்டவணையும் ‘Check points’ என்று வேறோர் அட்டவணையும் தனித்தனியே வரும். இரண்டாவது அட்டவணை இல்லாத அறிக்கையில் துல்லியம் பற்றிய தகவலே இல்லை என்று கொள்ளலாம்.

நம் ஏரியில் ஆறு சோதனைப் புள்ளிகள் வைத்ததாகக் கொள்வோம். கரையோரம் மூன்று, ஏரி நடுவில் ஒன்று, எதிர்ப்புற முள்காட்டு ஓரத்தில் இரண்டு. உயரத்தில் வந்த வித்தியாசம், கரையிலிருந்து தள்ளிப் போகப் போக, இப்படி இருக்கலாம்: 2, 3, −2, 9, 17, 24 சென்டிமீட்டர். இவற்றை ஒரே எண்ணாகச் சொல்ல ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பார்கள். அறிக்கையில் RMSE என்று இருப்பது அதுதான்.

```
4 + 9 + 4 + 81 + 289 + 576 = 963
963 / 6 = 160.5
√160.5 ≈ 12.7 செ.மீ.
```

அட்டவணையில் 1.1 என்றிருந்த படத்தின் உயரப் பிழை 12.7. அதைவிட முக்கியம், அந்த ஆறு எண்கள் போகும் போக்கு. பிழைகள் தற்செயலாக வந்தவையானால் கூட்டலும் கழித்தலுமாகக் கலந்து, சராசரி பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். இங்கே சராசரியே 8.8, தூரம் ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது. புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் இருந்ததால் அந்தக் கோட்டைச் சுற்றிப் படம் முழுவதும் சாய்ந்துகொள்ள இடம் இருந்திருக்கிறது. கோட்டின் மேல் எல்லாம் சரி. கோட்டை விட்டு விலகினால் பிடிமானம் கிடையாது.

சாய்வோடு இன்னொரு கோளாறும் சேர்ந்து வரும். நேர் கீழே பார்த்தபடி, ஒரே உயரத்தில், இணையான வரிசைகளில் படம் எடுத்தால், லென்ஸின் வளைவை மென்பொருள் துளி தவறாகக் கணித்தாலும் சமதரை கிண்ணம்போலக் குழிந்தோ கவிழ்த்த தட்டுபோல உப்பியோ வரும். படங்கள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியே இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மைக் ஜேம்ஸும் ஸ்டூவர்ட் ராப்சனும் 2014-ல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கோளாறு எதனால் வருகிறது, எப்படிக் குறைகிறது என்று விளக்கியது. கேமராவைச் சாய்த்துச் சில படங்களைச் சேர்த்து எடுத்தால் பெருமளவு குறையும். தரைப் புள்ளிகளைப் பரப்பி வைத்தாலும் கட்டுப்படும். பரப்பி என்றால் நான்கு ஓரமும் மட்டுமல்ல, நடுவும். ஓரத்தில் மட்டும் புள்ளி வைத்தால் விளிம்பு சரியாக உட்கார்ந்து வயிறு மட்டும் குழியும்.

ஏரி அளப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஐம்பது ஏக்கர் என்பது சுமார் 2 லட்சம் சதுர மீட்டர். முதல் சர்வேக்கும் இரண்டாவதுக்கும் இடையே தரைமட்டம் சராசரியாக 5 செ.மீ. தவறினாலே கன அளவில் 10,000 கன மீட்டர் தவறும். லாரிக்காரர் கணக்கில், நூறு கன அடி ஒரு யூனிட் என்று போட்டால், 3,500 யூனிட்டுக்கு மேல். யாரும் வெட்டாத மண், யாரும் ஏற்றாத லாரி. அல்லது வெட்டியெடுத்த மண் கணக்கிலிருந்தே காணாமல் போகும்.

எனக்கு உயரம் வேண்டாம், எல்லை மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கும் இதிலிருந்து தப்பில்லை. ஆர்த்தோமொசைக்கைத் திருத்துவதே தரையின் உயரத்தை வைத்துத்தான். ட்ரோனுக்கு நேர் கீழிருந்து 40 மீட்டர் தள்ளியுள்ள ஓர் இடத்தில் மென்பொருள் எண்ணிய உயரம் 24 செ.மீ. தவறு என்றால், பறக்கும் உயரம் 80 மீட்டர் என்பதால், அந்த இடம் படத்தில் அதில் பாதி, அதாவது 12 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். வேலித் தகராறில் 12 செ.மீ. ஒரு செங்கல் சுவரின் கனம்.

குழு திரும்பவும் ஏரிக்குப் போகிறது. எதிர்ப்புறம் இரண்டு, ஏரியின் வயிற்றில் ஒன்று என்று மூன்று ஜிசிபிகளைச் சேர்த்து மறுபடி பறக்கிறது. சோதனைப் புள்ளிகள் பழைய ஆறேதான். இம்முறை வித்தியாசங்கள் 3, −2, −4, 2, 5, −3. வர்க்கமூலக் கணக்கில் 3.3 செ.மீ.; சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில். எந்தத் திசையிலும் ஒரு போக்கு இல்லை. இதுதான் நம்பத்தக்க படத்தின் முகம். இங்கே ஒரு சபலம் வரும். சோதனைப் புள்ளி ஒன்றில் பிழை அதிகமென்றால் அதையும் ஜிசிபியாக டிக் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டவுடன் அதன் பிழை மறைந்துவிடும். பக்கத்து நிலத்தின் பிழை அங்கேயேதான் இருக்கும், காட்டிக்கொடுக்க ஆளில்லாமல்.

ஆறு புள்ளிகளை வைத்து ஒரு துல்லியத்தை உறுதியாகச் சொல்லிவிட முடியுமா என்றால், அதுவும் கஷ்டம். அமெரிக்காவின் ஏஎஸ்பிஆர்எஸ் அமைப்பு 2014-ல் வெளியிட்ட தரவிதி குறைந்தது 20 சோதனைப் புள்ளிகள் கேட்டது. 2023-ல் வந்த இரண்டாம் பதிப்பு அதை 30 ஆக்கியது. ஐம்பது ஏக்கர் வேலைக்கு முப்பது புள்ளி அளக்கக் காசும் நாளும் கிடைப்பதில்லை. அப்படியென்றால் ஆறு புள்ளியில் இவ்வளவு வந்தது என்று அறிக்கையில் எழுதிவிடுவது நேர்மை. இத்தனை புள்ளி என்ற விவரமே இல்லாமல் ‘துல்லியம் 3 செ.மீ.’ என்று அட்டையில் பெரிய எழுத்தில் போடுவது விளம்பரம்.

சோதனைப் புள்ளிகளும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஜிசிபிகளையும் சோதனைப் புள்ளிகளையும் ஒரே நாளில், ஒரே பேஸ் கருவியை வைத்து, ஒரே ரோவர் கம்பத்தால் அளக்கிறார்கள். பேஸ் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவைத் தெரிந்த அளவைக் கல்லிலிருந்தோ நிரந்தர ஜிஎன்எஸ்எஸ் நிலையத்திலிருந்தோ எடுக்காமல், கருவியில் ‘இப்போது நிற்கும் இடம்’ என்று ஒரு பொத்தானை அழுத்தித் தொடங்கிவிட்டால் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப்போகும். கம்பம் 2 மீட்டர் நீட்டியிருக்க, கருவியில் 1.8 என்று இருந்தால் எல்லாப் புள்ளிகளும் 20 செ.மீ. உயர்ந்துவிடும். இரண்டு கூட்டமும் சேர்ந்தே நகர்ந்ததால் அட்டவணை 3 செ.மீ. என்று சிரித்துக்கொண்டிருக்கும். மறுவருஷம் வேறொரு குழு சரியாக அளந்து பழைய படத்தோடு கழித்துப் பார்க்கும்போது, ஏரி முழுக்க ஒரே சீராக 20 செ.மீ. மண் காணாமல் போயிருக்கும்.

இதைப் பிடிக்க வழி ஒன்றுதான்: வெளியிலிருந்து ஒரு சாட்சி. ஏற்கெனவே மதிப்புத் தெரிந்த ஏதாவது ஓர் இடத்தில் ரோவரை வைத்துப் பார்க்க வேண்டும். ஏரியில் அதற்குத் தோதான இடங்கள் உண்டு. கலிங்கின் சிமென்ட் தளமும் மதகின் மேல்மேடையும் வருஷக்கணக்கில் அசையாதவை. முதல் சர்வேயிலேயே அங்கே ஆணியடித்து மதிப்பை எழுதி வைத்துவிட்டால் அடுத்தடுத்து வருகிறவர்கள் எல்லாம் அதிலிருந்து தொடங்கலாம். சோதனைப் புள்ளிகளை மட்டுமாவது பேஸை எடுத்து மறுபடி நிறுத்தி, வேறொரு நேரத்தில் அளந்தால் பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

உயரத்தில் இன்னொரு பொறி நம் பக்கத்துக்கே உரியது. செயற்கைக்கோள் கருவி தருவது கடல்மட்டத்திலிருந்து உயரம் அல்ல. பூமியை ஒழுங்கான நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து அளந்த உயரம். உலகிலேயே இந்த இரண்டுக்கும் எதிர்மறை வித்தியாசம் மிக அதிகமான இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே அது நூறு மீட்டரைத் தாண்டும். அதன் பக்கத்தில் இருப்பதால் சென்னைக் கரையோரத்திலும் 80 மீட்டருக்கு மேல். கடற்கரைச் சாலையை அளந்துவிட்டு உயரம் கழித்தல் எழுபத்தைந்து என்று வந்தால் கருவி கெடவில்லை. ஜிசிபி ஒரு வகை உயரத்திலும், கலிங்கின் மட்டம் மறுவகையிலும் எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் கலந்தால்தான் கேடு. படுகிடை ஆயத்தொலைவிலும் ஒரு பிரிவினை உண்டு. 78 டிகிரி தீர்க்கரேகையில் யுடிஎம் மண்டலம் மாறுகிறது. கோயம்புத்தூர் EPSG:32643-லும் மதுரை EPSG:32644-லும் விழும். நல்லவேளை, இந்தத் தவறு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் யார் கண்ணுக்கும் தப்பாது. ஆபத்து எப்போதும் சின்னப் பிழைகளில்தான்.

இப்போது ஆர்டிகே வசதியுள்ள ட்ரோன்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் பதிந்துகொள்வதால் ஜிசிபியே வேண்டாம் என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். முக்கால்வாசி உண்மை. ஒரே உயரத்தில் நேர் கீழே பார்த்தெடுத்த படங்களில், லென்ஸின் குவியத் தூரம் கொஞ்சம் தவறினால் தரை முழுவதும் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ உட்காரும். இந்த இரண்டையும் பிரித்தறிய மென்பொருளிடம் ஆதாரம் போதாது. தரையில் ஒரே ஒரு ஜிசிபி இருந்தாலும் அது தீரும். சோதனைப் புள்ளிகளோ எந்த ட்ரோனானாலும் வேண்டும். ஆர்டிகே வந்தபின் குறைந்தது ஜிசிபியின் எண்ணிக்கை. சரிபார்க்கும் கடமை குறையவில்லை.

கடைசியாக ஒன்று. அறிக்கையில் வரும் சோதனைப் பிழையும் படங்களைப் பொருத்திய கணக்கிலிருந்து வருவதுதான்; கையில் வாங்கும் ஆர்த்தோமொசைக்கிலிருந்து அளந்ததல்ல. படத்தை விரித்துத் தைக்கும்போது புதிதாகப் பிழைகள் சேரலாம். இரண்டு படங்கள் சேரும் தையலில் வாய்க்கால் ஓரம் அரையடி விலகி நிற்கும், மின்கம்பி பாதியில் அறுந்திருக்கும், ஓட்டுவீட்டின் விளிம்பு அலையலையாக வரும், கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைக் காட்டும். கூரைச் சாய்வை எத்தனை ஜிசிபி வைத்தாலும் திருத்த முடியாது. தண்ணீர் நிற்கும் இடத்தில் பொருத்திப் பார்க்க எந்த அடையாளமும் இல்லாததால் படம் குழம்பியிருக்கும். ஏரியைக் கோடையில் பறப்பதற்குக் காரணமே அதுதான். எனவே முடிந்த படத்தைக் கியூஜிஐஎஸ்ஸில் திறந்து, சோதனைப் புள்ளிகளின் ஆயத்தொலைவுகளை அதன்மேல் போட்டு, ஃப்ளெக்ஸ் குறியின் மையத்தில் புள்ளி விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஆறு புள்ளிக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. கியூஜிஐஎஸ் இலவசம்.

ட்ரோன் சர்வேக்குப் பணம் கொடுக்கும் நிலையில் இருப்பவர் நீங்கள் என்றால், வேலை ஆணையிலேயே எழுதிவிடுங்கள்: சோதனைப் புள்ளிகளின் அட்டவணை தனியாக வேண்டும்; ஒவ்வொரு புள்ளியின் அளந்த மதிப்பும் வித்தியாசமும், கூட்டல் கழித்தல் குறியோடு, தனித்தனியாக இருக்க வேண்டும்; அவை எங்கெங்கே இருந்தன என்று ஒரு படமும் வேண்டும். இடம் பார்த்து ஒன்றிரண்டு புள்ளிகளை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது இன்னும் நல்லது, முக்கியமாக முள்காட்டுப் பக்கம். அட்டவணை கைக்கு வந்து, எண்களை ஒருமுறை பார்த்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.